லாஸ் லைட் சிவப்பு, கம்பெனிக்காரர் வந்தால் பச்சை: நேரம் குறித்து வைத்தால் நம்புவார்களா?

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 3, இரவு 9.15

பொங்கலூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர், தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். ஏழெட்டு தறிக்காரர்களுக்கும் இரண்டு பனியன் யூனிட்டுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். ஃபைபர் நெட் போட்டு ஒன்றரை வருஷம். போன மாதக் கடைசியிலிருந்து தினமும் நாலைந்து தரம் போகிறது, வருகிறது. போகும்போது பெட்டியில் லாஸ் லைட் சிவப்பாக மினுக்குகிறது. போன் பண்ணினால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்கிறார்கள். இரண்டு தரம் ஆள் வந்தார், இரண்டு தரமும் எல்லாம் பச்சை. "உங்க வீட்ல கரண்ட் பிரச்சனைங்க, எங்க சிஸ்டத்துல பவர் ஆஃப்னுதான் காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

என் தங்கை, போகிற நேரம் வருகிற நேரம் எல்லாம் எழுதி வைத்து அனுப்பு என்கிறாள். அதை எழுதினால் நம்புவார்களா? எழுதுவதென்றால் என்னென்ன எழுத வேண்டும்?

கோபி வாத்தியார், ஜூன் 3, இரவு 9.50

சிவப்பு லைட் என்றால் பில் கட்டவில்லை என்று பொருள். ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் வோல்டேஜ்தான். தோட்டத்து லைனில் பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடினாலே பெட்டி அணைந்து எரியும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுங்கள், எழுதுகிற வேலையெல்லாம் எதற்கு.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 3, இரவு 10.05

ரீசார்ஜ் ஆறு மாதத்துக்கு ஒரே தடவை கட்டியாகிவிட்டது வாத்தியாரே, செப்டம்பர் வரை இருக்கிறது. பில் என்றால் நெட் போனது போனதுதானே, பத்து நிமிஷத்தில் தானாக எப்படித் திரும்பி வரும்?

மஞ்சக்காடு, ஜூன் 4, காலை 6.20

எங்களுக்கும் இதே பிரச்சனை. வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்குப் போனால் வைஃபை இரண்டு கோடுதான் காட்டுகிறது, வீடியோ சுத்திக்கொண்டே நிற்கிறது. கம்பெனியைத்தான் மாற்ற வேண்டும்.

கம்பத்துக்காரன், ஜூன் 4, இரவு 8.30

உடுமலை, பல்லடம் பக்கம் பதினாலு வருஷம் ஃபைபர் இழுத்து ஒட்டியவன், இப்போது சொந்தக் கடை. மஞ்சக்காடு அண்ணா, உங்களுடையது வேறு கதைங்க, அது வைஃபை எட்டாத பிரச்சனை. கம்பெனியை மாற்றினாலும் சுவர் அதே சுவர்தான்.

அக்கா, கேட்டது நல்ல கேள்வி. ஆனால் வெறும் நேரம் எழுதி அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "14.10க்குப் போனது, 14.18க்கு வந்தது" என்றால் அது கரண்டாலும் இருக்கலாம், வைஃபையாலும் இருக்கலாம், கம்பத்தில் ஒயர் ஆடினதாலும் இருக்கலாம். நேரத்தோடு லைட் நிறத்தையும் சேர்த்தால்தான் எந்த இடத்தில் கோளாறு என்று வரும். மூன்றே கேள்விதான்.

எல்லா லைட்டும் அணைந்ததா? அப்படியானால் அது உங்கள் வீட்டுக் கரண்ட், இல்லை அடாப்டர். பவர் எரிகிறது, லாஸ் சிவப்பு, பான் என்கிற லைட் அணைந்தோ மினுக்கியோ இருக்கிறதா? அப்படியானால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை, இல்லை பத்தாமல் வருகிறது. பான் அசையாத பச்சை, இன்டர்நெட் லைட் மட்டும் அணைந்தோ சிவந்தோ இருக்கிறதா? வெளிச்சம் சரியாக வருகிறது, கம்பெனி பக்கத்தில் லாகின் ஏறவில்லை. வாத்தியார் சொன்ன பில் விவகாரம் இந்த மூன்றாவதில்தான் வரும், லாஸில் வராது. நிறம் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும், அதனால் லைட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். லாஸ் சிவந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 4, இரவு 8.42

அவர்கள் சொன்ன மாதிரி சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். வேறென்ன செய்ய.

கம்பத்துக்காரன், ஜூன் 4, இரவு 9.10

அங்கேதான் கெட்டது. பெட்டிக்குக் கரண்ட் நிற்கும்போது அது சும்மா சாவதில்லை, உயிர் போகிற நேரத்தில் "எனக்குக் கரண்ட் போச்சு" என்று கம்பெனி எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையும். டையிங் கேஸ்ப் என்போம். ஃபைபர் முழுசாக அறுந்திருந்தால் அந்தத் தகவல் போய்ச் சேராது, அங்கே லாஸ் என்று மட்டும் பதிவாகும். உங்கள் ஒயர் அறுந்து கிடக்கவில்லை, விட்டு விட்டு வருகிறது. நீங்கள் சுவிட்சைத் தட்டுகிற நொடியில் வெளிச்சம் திரும்பியிருந்தால் தகவல் போய்விடும். அவர்கள் திரையில் வரிசையாக பவர் ஆஃப், பவர் ஆஃப் என்று நிற்கும். வந்த பையன் பொய் சொல்லவில்லை அக்கா. அந்தச் சாட்சியை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனிமேல் பெட்டியில் கை வைக்காதீர்கள். பார்ப்பது, எழுதுவது, விடுவது.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 4, இரவு 9.14

அட கடவுளே.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 7, இரவு 10.30

பழைய பேரேடு நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். போன நேரம், லைட், வந்த நேரம், வீட்டில் கரண்ட், குறிப்பு. மூன்று நாளில் ஆறு வரி. அப்படியே தருகிறேன்:

5ஆம் தேதி, 2.22, லாஸ் சிவப்பு மினுக்கு, பான் இல்லை, 2.31, கரண்ட் இருந்தது.
5ஆம் தேதி, 4.05, அதே, 4.09, கரண்ட் இருந்தது.
6ஆம் தேதி, 7.40 காலை, எல்லாம் அணைந்து தானே எரிந்தது, 7.43, மோட்டார் போட்ட நேரம்.
6ஆம் தேதி, 3.16, லாஸ் சிவப்பு, 3.17, கரண்ட் இருந்தது.
6ஆம் தேதி, 3.48, லாஸ் சிவப்பு, 4.02, கரண்ட் இருந்தது.
7ஆம் தேதி, 2.50, லாஸ் சிவப்பு, 2.58, கரண்ட் இருந்தது.

எழுதி முடித்த பிறகுதான் இன்னொரு கூத்து தெரிந்தது. சுவர்க் கடிகாரம் ஆறு நிமிஷம் வேகம். மாமியார் பஸ் பிடிப்பதற்காக வைத்தது, யாரும் தொடக் கூடாது. ஆகவே மேலே உள்ள எல்லாவற்றிலும் ஆறைக் கழித்துக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து போன் நேரம்தான்.

கோபி வாத்தியார், ஜூன் 7, இரவு 10.48

6ஆம் தேதி காலை 7.40ஐப் பாருங்கள். நான் அன்றைக்கே சொன்னேன்.

கம்பத்துக்காரன், ஜூன் 8, காலை 7.05

அந்த ஒரு வரியில் வாத்தியார் சொன்னது சரி. ஆனால் வோல்டேஜ் குறைவதால் இல்லைங்க ஐயா. அந்த அடாப்டரிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், குறைந்தால் தாங்கும். ஒரு கண் சிமிட்டு நேரம் முழுசாக நின்றால்தான் தாங்காது. ஸ்டெபிலைசருக்குக் காசு போடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள் அக்கா, அதை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். மற்ற பக்கத்தில் இருந்தால் மாறுவதற்கு நேரம் எடுக்கும், அதற்குள் பெட்டி அணைந்துவிடும்.

அந்த வரியை நோட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கரண்டால் போனதை நீங்களே தனியாக எழுதிக் காட்டினால்தான் மற்றது கரண்டால் இல்லை என்பது நிற்கும்.

கடிகாரம் முக்கியம். அவர்கள் பதிவில் நொடிக் கணக்கில் இருக்கும். நீங்கள் 2.22 என்று எழுதி அங்கே 2.16 என்று இருந்தால், இது வேறு ஏதோ என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்று, வந்த நேரம் என்று எதை எழுதுகிறீர்கள்? லாஸ் அணைந்ததையா, நெட் வந்ததையா?

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 8, காலை 11.20

லாஸ் அணைந்ததைத்தான் எழுதினேன். இன்று கவனித்துப் பார்த்தேன், லாஸ் அணைந்து, பான் கொஞ்ச நேரம் மினுக்கி நின்று, அப்புறம் இன்டர்நெட் லைட் வர இன்னும் இரண்டு நிமிஷம் ஆகிறது. இனி இரண்டு நேரத்தையும் எழுதுகிறேன். இன்வெர்ட்டர் சுவிட்ச் தப்பான பக்கம்தான் இருந்தது. மூன்று வருஷமாக.

சூலூர்த்தம்பி, ஜூன் 11, இரவு 11.40

அக்கா, நாள் முழுக்க பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாதே. லேப்டாப்பை ஒயர் வழியாக ரூட்டரில் மாட்டி இதை ஓட விடுங்கள். வைஃபையில் வேண்டாம், அப்புறம் வைஃபை போனதையும் நெட் போனதாக எழுதிவிடும்.

```
@echo off
:a
set N=NO
ping -n 1 8.8.8.8 >nul && set N=OK
echo %date% %time% net=%N% >> log.txt
timeout /t 30 >nul
goto a
```

நோட்பேடில் போட்டு net.bat என்று சேமித்து டபுள் கிளிக். அரை நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 13, பொழுதோட 6.10

தம்பி, உன் ஆள் பொய் சொல்கிறான். இன்று 3.12லிருந்து 3.25 வரை லாஸ் சிவப்பு, என் கண்ணால் பார்த்தேன், ஜிஎஸ்டி பக்கம் திறக்கவே இல்லை. log.txtஐத் திறந்தால் அந்த நேரத்துக்கும் net=OK, net=OK என்று இருக்கிறது. இதை அனுப்பியிருந்தால் என் மானம் போயிருக்கும்.

சூலூர்த்தம்பி, ஜூன் 14, காலை 1.05

மன்னிச்சுக்கோங்க அக்கா, தப்பு என்னுடையது. வெளியே வழி இல்லாதபோது உங்கள் ரூட்டரே "அங்கே போக முடியாது" என்று பதில் சொல்கிறது. விண்டோஸ் பிங் அதையும் ஒரு பதிலாக எண்ணி நல்லபடியாக முடிந்தது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையான பதிலில் மட்டும்தான் TTL என்ற எழுத்து வரும். அதனால் பிங் வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
ping -n 1 8.8.8.8 | find "TTL=" >nul && set N=OK
```

ஒரு தரம் ஃபைபர் ஒயரைத் தொடாமல், பெட்டியை அணைத்து NO வருகிறதா என்று பாருங்கள்.

கம்பத்துக்காரன், ஜூன் 14, காலை 7.00

தம்பி, அணைக்கச் சொல்லாதே, நான் பத்து நாளாகப் படாத பாடுபட்டு அந்தப் பழக்கத்தை நிறுத்தியிருக்கிறேன். அடுத்த தரம் தானாகவே போகும், அப்போது பார்த்துக்கொள்ளட்டும்.

மஞ்சக்காடு, ஜூன் 14, காலை 8.15

இந்த லைட்டெல்லாம் எங்கள் பெட்டியிலும் இருக்கிறது. எங்களுக்கு லாஸ் எரியவே இல்லை. அப்போ எங்களுடையது நல்ல கம்பெனியா?

கம்பத்துக்காரன், ஜூன் 14, இரவு 9.25

உங்கள் வரைக்கும் ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் அண்ணா, அவ்வளவுதான்.

அக்கா, நோட்டில் இன்னொரு கட்டம் சேருங்கள். பிரவுசரில் 192.168.1.1 போட்டு, பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கிற பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் உள்ளே போகலாம். எங்காவது Rx Power என்று ஒரு எண் இருக்கும், மைனஸில். மைனஸ் 20, 21 என்றால் நல்ல வெளிச்சம். மைனஸ் 27, 28க்குக் கீழே போனால் பெட்டியால் படிக்க முடியாது, அப்போதுதான் லாஸ் சிவக்கும். மூன்று குறைந்தால் வெளிச்சம் பாதி, ஆறு குறைந்தால் கால். லைட் என்பது இருக்கு இல்லை என்றுதான் சொல்லும். எவ்வளவு குறைந்தது என்று இந்த எண் சொல்லும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், போய் வந்ததும் ஒரு தரம் எழுதுங்கள்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 16, இரவு 9.00

அந்தப் பக்கம் திறந்தது. இரண்டு நாள் எண்கள்: காலை 7 மணி மைனஸ் 21.3. பகல் 12 மணி மைனஸ் 22. மூன்று மணிக்குப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்தால் 24.1, 26.6, 23.8, 26.9 என்று ஆடுகிறது. ராத்திரி 9 மணி, இப்போது, மைனஸ் 21.4.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது உறைத்தது. லாஸ் சிவந்த வரிகள் ஏறக்குறைய எல்லாமே மத்தியானம் ஒன்றரையிலிருந்து ஆறு மணிக்குள்தான். ஆள் வந்தது இரண்டு தரமும் காலை ஒன்பதரைக்கு. எங்கள் ஊரில் இந்த மாதத்தில் மத்தியானம் என்ன நடக்கும்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. காலையில் இலை அசையாது. உச்சி சாய்ந்ததும் ஆரம்பித்தால் கொடியில் துணி நிற்காது. இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தானே. எங்கள் ஒயர் ரோட்டுக் கம்பத்திலிருந்து ஆறு தென்னை தாண்டி வருகிறது. இத்தனை நாள் காற்றையும் பார்த்தேன், லைட்டையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கோபி வாத்தியார், ஜூன் 16, இரவு 9.20

காற்று வந்தால் லைன் உரசி கரண்டும் போகும். ஆகவே கரண்டாகவும் இருக்கலாம்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 16, இரவு 9.26

அதற்குத்தான் வாத்தியாரே கரண்ட் கட்டம் போட்டிருக்கிறேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பத்துக்காரன், ஜூன் 17, காலை 6.50

உங்கள் வீட்டு ஒயரா, ரோட்டு மெயினா என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. அதே கம்பத்துப் பெட்டியிலிருந்து ஒயர் வாங்கிய வேறு வீடு இருக்கிறதா? உங்களுக்குச் சிவந்த நேரத்தில் அங்கே என்ன நிறம் என்று போனில் கேட்டு எழுதுங்கள்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 18, இரவு 10.15

பெரியப்பா வீடு அதே கம்பம்தான். நேற்றும் இன்றுமாக நாலு தரம் கூப்பிட்டேன். நாலு தரமும் அங்கே பச்சை. நாலாவது தரம் பெரியம்மா, "கண்ணு, பச்சைதான் சாமி, நீ சாப்பிட்டியா" என்று லைட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார் என்று சந்தேகம். அதனால் அதை எண்ணவில்லை, மூன்று என்றே எழுதினேன்.

தம்பியின் திருத்திய ஃபைல் இப்போது ஒழுங்காக NO போடுகிறது. அதில் இன்னொன்று மாட்டியது. ராத்திரி 2 மணி சுமாருக்கு மூன்று நாள் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் NO. அந்த நேரத்தில் காற்றும் இல்லை. ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன், பான் அசையாத பச்சை, இன்டர்நெட் லைட் அணைந்திருந்தது. மற்ற இரண்டு நாளும் யார் பார்த்தார்கள்.

கம்பத்துக்காரன், ஜூன் 18, இரவு 10.40

அந்த இரண்டுக்கும் "லைட் பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். சிவப்பு என்று நிரப்பினால் அவர்கள் பதிவோடு ஒத்துப்போகாது, மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். ராத்திரிக் கதை வேறு, அதைத் தனியாகப் போடுங்கள். ஒரே கம்ப்ளைண்டில் இரண்டையும் கலந்தால் சுலபமானதை மூடிவிட்டு முடிந்தது என்பார்கள்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 19, காலை 10.00

அனுப்பியது இது. நோட்டுப் பக்கங்களின் போட்டோவும் கூடவே.

"ஜூன் 5 முதல் 18 வரை 23 தடவை இணைப்பு போனது. 15 தடவை பவர் லைட் எரிந்தது, லாஸ் சிவப்பு. 5 தடவை வீட்டுக் கரண்ட், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. 3 தடவை இரவு 2 மணிக்கு, அதற்குத் தனிப் புகார் தருகிறேன். லாஸ் 15இல் 13 மத்தியானம் 1.30 முதல் 6க்குள், காற்று நேரம். Rx Power காலையில் மைனஸ் 21.3, காற்றில் மைனஸ் 26.9 வரை. அதே கம்பத்து அடுத்த வீட்டில் அந்த நேரத்தில் 3 தடவை பார்த்தோம், பச்சை. ஜூன் 4க்குப் பிறகு நான் பெட்டியை ஒரு தடவையும் அணைக்கவில்லை, உங்கள் பதிவில் பார்க்கலாம். ஆள் அனுப்பினால் மத்தியானம் 3 மணிக்கு அனுப்பவும். காலையில் வந்தால் எல்லாம் பச்சையாக இருக்கும்."

முதலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், அதில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. தங்கை அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டாள். லாஸ் என்று எழுதின இரண்டு வரி காலை நேரத்தில் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது.

கம்பத்துக்காரன், ஜூன் 19, இரவு 8.10

கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கிக்கொண்டீர்களா? போனில் "பாத்துடறோம்ங்க" என்பதெல்லாம் எண்ணிக்கையில் வராது. நம்பர் இருந்தால்தான், தீராதபோது அதே கம்பெனியில் அப்பீல் போட முடியும். டிராய் 2012இல் கொண்டுவந்த விதிப்படி அந்த இரண்டு படியும் இருக்க வேண்டும்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 19, இரவு 8.15

வாங்கிவிட்டேன். அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 24, இரவு 9.45

நாலு நாள் சத்தமே இல்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி தாக்கல் கடைசி நாள், போன் நெட்டில் ஓட்டினேன், அந்த வெசனத்தை எழுத வேண்டாம். இன்று 3.20க்கு வேறொரு பையன் வந்தார். கையில் என் போட்டோவின் பிரிண்ட். "இந்த மாதிரி யாரும் எழுதிக் குடுத்ததில்லீங்க" என்றார். அவர் மீட்டரை மாட்டினதும் எண் கண் முன்னாலேயே ஆடியது.

கம்பத்தில் ஏறினார். ஒயரைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவி, காற்று வரும்போதெல்லாம் ஒயரின் பாரம் முழுக்கக் கம்பத்துப் பெட்டிக்குள் இருக்கிற கனெக்டரை இழுத்திருக்கிறது. போதாததற்குக் கம்பத்து இரும்புப் பட்டையில் ஒயர் என் சுண்டுவிரல் அகலத்துக்கு மடங்கிக் கிடந்தது. மடிப்பை எடுத்துவிட்டு, பழைய கனெக்டரை வெட்டிப் புதிது போட்டு, கிளாம்ப் மாற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் தளர்வாக விட்டுக் கட்டினார். இறங்கும்போது மைனஸ் 20.4. காற்று அடித்துக்கொண்டே இருந்தது, எண் அசையவில்லை. மோர் கொடுத்தேன்.

கோபி வாத்தியார், ஜூன் 24, இரவு 10.00

மடிந்ததா, இழுத்ததா, எதனால் என்று சொன்னாரா?

தோட்டத்துக்கணக்கு, ஜூன் 24, இரவு 10.04

இரண்டையும் ஒரே நேரத்தில் சரி பண்ணிவிட்டதால் சொல்ல முடியாது என்றார். அந்தக் காலை நேர இரண்டு வரிக்கும் பதில் இல்லை. தேங்காய் போட ஆள் ஏறின நாளா என்று வீட்டுக்காரர் கேட்கிறார், தேங்காய்க் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கணக்கு, ஜூலை 9, இரவு 9.30

இரண்டு வாரத்தில் லாஸ் ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. காலை மைனஸ் 20.4, மத்தியானம் 20.5. தேங்காய் நோட்டைப் பார்த்தேன். காலை வரி இரண்டில் ஒன்று மரம் ஏறின நாள்தான். இன்னொன்று இல்லை.

ராத்திரி 2 மணி விவகாரம் அப்படியே. பெரியப்பா வீட்டிலும் அதே நேரம் போகிறது என்று அவர் பேரன் பார்த்துச் சொன்னான், பான் பச்சைதான். அதற்குத் தனி நம்பர் வாங்கி அனுப்பினேன். "மெயின்டனன்ஸ்" என்று ஒரே ஒரு வார்த்தையில் பதில் போட்டு மூடிவிட்டார்கள். எத்தனை நாள், எந்தெந்தத் தேதி என்று கேட்டுத் திரும்பத் திறந்திருக்கிறேன்.

சூலூர்த்தம்பி, ஜூலை 9, இரவு 11.50

அக்கா, அந்த net.bat இன்னும் ஓடுகிறதா?

தோட்டத்துக்கணக்கு, ஜூலை 10, காலை 6.30

ஓடுகிறது. நேற்று ராத்திரி 2.04 முதல் 2.15 வரை NO.